சத்தம் போடாத கரண்ட்

என் அக்காவுக்குப் பாம்புக்காது. வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே அதுதான். சின்ன வயதில் நான் சமையலறையில் பூனைபோல் நுழைந்து சர்க்கரை டப்பாவைத் திறந்தாலும், வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருப்பவள் "மூடுடி" என்பாள். கல்யாணமாகிப் போன பிறகு அந்தக் காது இன்னும் கூர்மையானது. காரணம் வேறொன்றுமில்லை, அவள் தலைக்கு மேலே அவளுடைய ஓரகத்தி குடிவந்துவிட்டாள்.

இரண்டு தளமுள்ள வீடு. கீழே அக்கா, மாமா, அவர்கள் மகள். மேலே மாமாவின் தம்பி, அவர் மனைவி, இரண்டு வாண்டுகள். மாமாவுக்குப் பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. மேல்வீட்டுக்காரி ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். காலையில் போனால் பொழுது சாயும்போது வருவாள். தண்ணீர்த் தொட்டி இரு வீட்டுக்கும் பொது. கரண்ட் மட்டும் தனித்தனி. மாடிப்படிக்கு அடியில் இரண்டு மீட்டர்கள் ஒட்டிப் பிறந்த இரட்டைப்பிள்ளைகள் மாதிரிச் சுவரில் மாட்டியிருக்கும்.

அக்கா சும்மா இருக்கிறவள் இல்லை. இரண்டு அழகு நிலையங்களுக்கும் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கும் துண்டு துவைத்துத் தேய்த்துக் கொடுக்கிறாள். பின்கட்டு அறை முழுக்கத் துண்டுதான். தலைச்சாயம், முகக் கிரீம், முதுகில் தேய்த்த எண்ணெய் என்று ஊரார் உடம்பில் உள்ளதெல்லாம் அந்தத் துண்டுகளில் இருக்கும். அதைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, மிஷினில் போட்டு, தேய்த்து, நான்காக மடித்துக் கொடுத்தால் கடையில் புதிதாக வாங்கியது போலிருக்கும். அந்த வேலை அவளே தேடிப் பிடித்தது. அதில் வருகிற காசை அவள் யாரிடமும் கேட்டு வாங்குவதில்லை. அது போனால் அவளிடம் மிச்சம் இருப்பது மாடியைப் பார்த்து வயிறெரிவது ஒன்றுதான்.

வயிற்றெரிச்சல் என்றால் சாதாரணமா? மேல்வீட்டுக்காரி புதுச் செருப்பு வாங்கினால் படியில் அது எழுப்பும் சத்தத்தை வைத்தே இவள் விலை சொல்லுவாள். மேலே பிள்ளைகள் சிரித்தால், "என்னத்த அப்படிச் சிரிப்பு?" என்பாள். இத்தனைக்கும் அந்தப் பெண் நல்ல மாதிரி. வாய் நிறைய "அக்கா, அக்கா" என்று கூப்பிடுவாள். அதுவும் இவளுக்கு ஆகாது. "நான் ஒருத்திக்குத்தான் அக்கா, இவ யாருடி?" என்று என்னிடம் குதிப்பாள். எனக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் மறுபக்கம் எரிச்சலாகவும் இருக்கும்.

இதற்கு நடுவில்தான் கரண்ட் ஆபீஸ்காரர்கள் வந்து மீட்டரை மாற்றினார்கள். இனிமேல் நாள் முழுவதும் ஒரே ரேட் கிடையாது என்றார்கள். வெயில் இருக்கும் நேரத்தில் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது, அதனால் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை யூனிட் விலை குறைவு. சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை எல்லா வீட்டிலும் எல்லாமும் ஓடும், அப்போது விலை கூடுதல். மற்ற நேரத்துக்கு நடுத்தர விலை. எந்த நேரத்தில் எத்தனை யூனிட் ஓடியது என்று மீட்டரே மூன்று கணக்காகப் பிரித்து வைத்துக்கொள்ளும். மாதா மாதம் பில்லிலும் அது மூன்று வரியாக வரும். ஒரே பொருளைக் காலையில் ஒரு விலைக்கும் மாலையில் ஒரு விலைக்கும் விற்பது மீன் கடையில்கூட உண்டு, இதில் புரியாததற்கு ஒன்றுமில்லை.

புது மீட்டரின் முதல் மாத பில் வந்தது. கீழ்வீட்டுக்கு ஏறியது. மேல்வீட்டுக்கு இறங்கியது.

மாமா இரண்டு பில்லையும் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் எதை எங்கே சொல்லக்கூடாதோ அதை அங்கே சொல்லும் வரம் வாங்கி வந்தவர்.

"மேல பாரு. வேலைக்கும் போறா, ரெண்டு பசங்களையும் பாத்துக்கறா, கரண்டு பில்லையும் கொறைச்சிருக்கா. குடும்பம் நடத்தறதுன்னா அது."

மேல பாரு. இந்த இரண்டு வார்த்தை அக்காவுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றாகிப் போனது: என்றைக்காவது ஒரு நாள் மேலேயிருந்து ஒரு குரல் "கீழ பாரு" என்று சொல்ல வேண்டும், அதைத் தன் காதால் கேட்க வேண்டும். இதை அவளே என்னிடம் ஃபோனில் சொன்னாள். "கேட்டுட்டுச் செத்தாலும் சரிடி" என்றாள். போய் வேலையைப் பார் என்று வைத்துவிட்டேன்.

அவளா வேலையைப் பார்ப்பாள்? காதைத் தீட்ட ஆரம்பித்தாள்.

மேல்வீட்டில் என்ன எப்போது ஓடுகிறது என்று ஒட்டுக்கேட்டு, அதையே தானும் செய்வது என்று திட்டம். முதல் நாளே எனக்கு ஃபோன். குரல் நடுங்கியது.

"ஏண்டி, மேல வாஷிங் மிஷின் ஓடுது."

"ஓடட்டுமே."

"கதவு வெளிய பூட்டிக் கெடக்குடி! ஆள் யாரும் இல்ல. உள்ள மிஷின் தன்னால சுத்துது."

"பேயா இருக்கும். உன்கிட்ட வேலைக்கு வருதான்னு கேளு, துண்டு நெறைய இருக்கு."

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. காலையில் துணியைப் போட்டுவிட்டு, இத்தனை மணி நேரம் கழித்து ஓடு என்று பொத்தானை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறாள் அந்தப் பெண். விலை குறைந்த நேரத்தில் அது தானாக ஓடுகிறது. அக்காவின் மிஷினிலும் அதே பொத்தான் வாங்கிய நாளிலிருந்து இருக்கிறது. அதன் மேல் ஒரு பழைய துணிக்கிளிப் டப்பாவை வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து மேலே மிஷின் சுற்றினால் கீழேயும் சுற்றியது. மேலே சாயங்காலம் மிக்ஸி சத்தம் கேட்கவில்லை என்பதால் கீழேயும் மிக்ஸிக்கு ஆறு மணிக்கு மேல் தடை. ஞாயிற்றுக்கிழமை பகலில் மேலே தேய்க்கும் மேஜை கிறீச்சிட்டது. அக்கா துண்டு தேய்ப்பதை முழுக்கப் பகலுக்கு மாற்றினாள். சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனால் துக்க வீடு மாதிரி இருக்கும். டிவி கிடையாது. மகள் தலைமுடி காயவைக்கும் மிஷினை எடுத்தால் அக்கா பறித்துக்கொள்வாள். காற்றாடியைக்கூட அது "கடகட" என்று சத்தம் போடுகிறது என்பதற்காக நிறுத்திவிட்டு, விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அக்காவின் கணக்கு எளிமையானது. எது சத்தம் போடுகிறதோ அது கரண்ட் தின்கிறது. பாம்புக்காதுக்காரிக்கு உலகமே சத்தம்தானே.

அடுத்த பில் வந்தது. கொஞ்சம் இறங்கியிருந்தது, தேய்ப்பதைப் பகலுக்கு மாற்றியது அவ்வளவு செய்திருந்தது. ஆனால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மேல்வீட்டு பில்லோடு வைத்துப் பார்த்தால் வெட்கக்கேடு.

மாமா இந்த முறை கோபப்படவில்லை. அதுதான் அக்காவை இன்னும் சுட்டது. நிதானமாகச் சொன்னார்: "இங்க பாரு, துண்டு துவைக்கிற காசுல பாதி கரண்டுக்கே போகுது. அப்புறம் எதுக்கு இந்த இடுப்பு வலி? அடுத்த மாசமும் இப்படியே வந்தா விட்டுடலாம். மேல பாரு, அவ என்ன இதெல்லாமா செய்யறா?"

துண்டையும் விட வேண்டும், மேலேயும் பார்க்க வேண்டும். எரிகிற நெருப்பில் எண்ணெயை டப்பாவோடு கொட்டிவிட்டு மனிதர் டிப்போவுக்குப் போய்விட்டார்.

அக்கா என்னை உடனே வரச் சொன்னாள். போனேன். கதவைத் தாழிட்டு, பில்லை என் மடியில் போட்டு, விரலால் குத்திக் காட்டினாள். சாயங்கால வரியில் யூனிட் கொழுத்துக் கிடந்தது.

"பாத்தியா? ஆறு மணிக்கு மேல இந்த வீட்டுல ஒரு சத்தம் உண்டா? நீயே பாத்திருக்கேல்ல, இருட்டுல உக்காந்திருக்கோம். அப்புறம் எப்படிடி சாயங்காலத்துல இவ்வளவு?"

"நீயே சொல்லு."

குரலைத் தாழ்த்தினாள். "என் லைன்ல இருந்து இழுக்கறாங்க."

"யாரு?"

கண்ணாலேயே விட்டத்தைக் காட்டினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அவள் விளையாடவில்லை. வீடு கட்டும்போது மேல்வீட்டு ஒயரை இவள் மீட்டரில் கோத்திருக்கிறார்கள், அதனால்தான் அவர்கள் பில் இறங்குகிறது, இவள் பில் ஏறுகிறது, கொழுந்தனுக்கும் இது தெரியும், அந்தப் பெண் "அக்கா அக்கா" என்று குழைவதே இதனால்தான் என்று கோட்டையே கட்டி வைத்திருந்தாள். அன்று சாயங்காலமே நாலு பேருக்கு முன்னால் கேட்டுவிடுவது என்ற முடிவில் இருந்தாள். கேட்டிருந்தால் அந்தக் குடும்பம் அன்றோடு இரண்டு.

"கேக்கறதுக்கு முன்னாடி பாத்துடலாம்" என்றேன். "உன் மெயினை அணைச்சுப் பாரு. மேல ஒரு பல்பாவது அணைஞ்சா நீ சொல்றது நெசம்."

இது அவளுக்குப் பிடித்திருந்தது. விளக்கு வைக்கும் நேரம் வரை காத்திருந்தோம். மேல்வீட்டுக்காரி வேலையிலிருந்து வந்து விளக்கைப் போட்டாள். அக்கா வெற்றி வீராங்கனை போல் போய் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். கீழ்வீடு இருண்டது. இரண்டு பேரும் வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தோம்.

மேலே எல்லா விளக்கும் ஜம்மென்று எரிந்தது. டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

படிக்கட்டுக்கு அடியில் போய்ப் பார்த்தோம். மீட்டர்களில் ஒரு குண்டூசித் தலை அளவு சிவப்பு வெளிச்சம் உண்டு. கரண்ட் ஓடினால் சிமிட்டும், நிறைய ஓடினால் வேகமாகச் சிமிட்டும். மேல்வீட்டு மீட்டர் சாவகாசமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் மீட்டரில் சிமிட்டலே இல்லை. யாரும் இவள் லைனிலிருந்து ஒரு சொட்டுக்கூட இழுக்கவில்லை.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. குற்றவாளி கிடைக்காவிட்டால் பொறாமைக்காரர்களுக்கு வருகிற சோகம் பெரிய சோகம். போய் மெயினைப் போட்டாள். நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இங்க வா. இது பறக்குது."

சிவப்பு வெளிச்சம் மூச்சுவிடாமல் சிமிட்டியது. இரண்டு விளக்கு, ஒரு ஃபிரிட்ஜ். இதற்கா இவ்வளவு வேகம்? அக்கா ஓடிப்போய்ச் சண்டைக்காரி மாதிரி ஒவ்வொன்றாக அணைத்தாள், போட்டாள். அவள் உள்ளேயிருந்து கத்துவாள், நான் மீட்டரைப் பார்த்துப் பதில் கத்துவேன்.

"மிக்ஸி போடறேன்!"

"கொஞ்சம் கூடுது! அவ்வளவுதான்!"

"மிஷின்!"

"அதுவும் கொஞ்சந்தான்!"

"ஃபிரிட்ஜை அணைச்சுட்டேன்!"

"அப்பவும் பறக்குது!"

கடைசியில் விளக்கையும் அணைத்தாள்; வீடே நிசப்தமானது. அவள் காதுக்கு எட்டியவரை எதுவும் ஓடவில்லை. மீட்டர் மட்டும் பைத்தியம் பிடித்ததுபோல் சிமிட்டியது. அவள் வெளியே வந்து மீட்டரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, பின்கட்டுக் குளியலறைக் கதவைப் பார்த்தாள். அதன் மேல்ஜன்னலில் ஒரு சிவப்பு வெளிச்சம் அழுத்தமாகத் தெரிந்தது.

கீசர்.

சாயங்காலம்தான் கடைகளிலிருந்து அழுக்குத் துண்டு வரும். வந்ததும் வாளி வாளியாகச் சுடுதண்ணீர் பிடித்து ஊறப்போடுவாள். அன்றும் போட்டிருந்தாள். ஒரு வாளி சுடுதண்ணீர் வெளியே வந்தால் கீசருக்குள் ஒரு வாளி பச்சைத்தண்ணீர் போகும். அதைக் காய்ச்ச அது மறுபடி தொடங்கும். ஆறு மணியிலிருந்து துண்டெல்லாம் ஊறி முடிகிற வரை, விலை கூடிய நேரம் முழுக்க, அது காய்ச்சிக்கொண்டே இருந்திருக்கிறது. வருஷக்கணக்கில் அதன் சுவிட்சை அவள் அணைத்ததே இல்லை. மிக்ஸியையும் காற்றாடியையும் பட்டினி போட்டுவிட்டு, சத்தமே போடாமல் மூலையில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்த ஊமைக் குசும்பனை விட்டுவிட்டாள். குரைக்கிற நாய் கடிக்காது என்பது கரண்டுக்கும் பொருந்தும் என்று யாருக்குத் தெரியும்?

அக்கா அந்தச் சுவிட்சை அணைத்தாள். மீட்டரின் சிமிட்டல் சட்டென்று நின்றது. இரண்டு பேரும் இருட்டில் சிரித்தோம். அப்போது மேலேயிருந்து ஒரு குரல்: "அக்கா, கரண்டு இல்லையா? மெழுகுவத்தி வேணுமா?"

"வேணாம், வேணாம்!" என்று அக்கா எரிந்து விழுந்தாள். ஒரு மணி நேரம் முன்பு திருடி என்று சொல்லவிருந்தவளுக்கு நன்றி சொல்ல மனம் வருமா?

அதன்பின் அவள் செய்ததைச் சொல்ல வேண்டும். அதில் மட்டும் நான் அவளுக்குத் தலைவணங்குவேன். வேலையின் போக்கையே திருப்பிப் போட்டாள். மாலையில் வரும் துண்டைப் பச்சைத்தண்ணீரில் சோப்புத்தூளும் கொஞ்சம் சலவைச் சோடாவும் போட்டு ஊறவைப்பது. மறுநாள் காலை ஒன்பது அடித்த பிறகு கீசரைப் போட்டு, சுடுதண்ணீரில் அலசி, மிஷின், வெயில், தேய்ப்பு, எல்லாம் நாலு மணிக்குள். நாலானதும் கீசருக்கு ஓய்வு. முன்பு துண்டு மத்தியானத்துக்குள் திரும்பிப் போகும். இனி மாலையில்தான் போகும். அழகு நிலையக்காரி ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். "ஒரு செட் துண்டு கூட வாங்கி வைங்க, தள்ளிப் போடுறதால ஒண்ணும் குடிமுழுகிடாது" என்று இவள் அவளிடமே சட்டமாகச் சொல்லிவிட்டு வந்தாள். மற்ற இருவரும் முணுமுணுத்து ஒப்புக்கொண்டார்கள். அக்கா மாதிரித் தும்பைப்பூவாக வெளுத்துத் தர வேறு ஆள் கிடையாது.

அந்த மாத பில் வந்தது. சாயங்கால வரி ஒட்டி உலர்ந்து போயிருந்தது. பகல் வரி பெருத்திருந்தது, ஆனால் அது விலை குறைந்த வரி. மொத்தத்தில் நன்றாக இறங்கியிருந்தது. அக்கா பில்லைத் தட்டில் வைக்காத குறையாக மாமாவிடம் நீட்டினாள்.

மாமா பார்த்தார். புருவம் உயர்ந்தது. "பரவாயில்லையே! மேல கேட்டுச் செஞ்சியா?"

நான் அங்கேதான் இருந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மாமாவுக்காகப் பிரார்த்தனை செய்தேன். துண்டு வேலை தப்பியது. அதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. ஆனால் அக்காவுக்கு ஆறவில்லை. இருட்டில் ஓடி ஓடிக் கண்டுபிடித்தது இவள். பேர் மேலே போய்விட்டது.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. மேல்வீட்டுக்காரி ஒரு நாள் படியில் நின்று, தன் கையிலிருந்த ஒரு சின்ன டப்பாவைக் காட்டிப் பேசினாள்.

"இது கீசர் டைமர்க்கா. நான் அணைக்க மறந்துடுவேன்னு எங்க அண்ணன் மாட்டிக் குடுத்தாரு. மத்தியானம் தானா போட்டுட்டு தானா அணைஞ்சிடும். ஒரே தொல்லை. சாயங்காலம் நானும் பசங்களும் குளிச்சுட்டா அவருக்குத் தண்ணி ஆறிப்போகுது, கத்தறாரு. கழட்டிட்டேன். இனி எப்பவும் ஆன்லயே இருக்கட்டும்."

அக்காவுக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை நாள் மேல்வீட்டு பில்லை இறக்கியது மிஷின் பொத்தான் இல்லை, அந்தப் பெண்ணின் கெட்டிக்காரத்தனமும் இல்லை; அவள் அண்ணன் எப்போதோ மாட்டிய இந்த டப்பா. அது மத்தியான விலையில் தண்ணீரைக் காய்ச்சி வைத்துவிடும், சாயங்காலம் எவ்வளவு திறந்தாலும் மறுபடி காயாது. தன் வீட்டு பில் ஏன் குறைகிறது என்று அவளுக்கே தெரியாது!

"கழட்டாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"நல்லதாப் போச்சு" என்றாள் அக்கா.

அதை என்னிடம் சொன்னபோது நான், "பாவி, சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றேன். "எனக்கு யார் சொன்னா?" என்று கேட்டாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அவள் கல்யாணத்தில்கூடக் கேட்டதில்லை.

மேல்வீட்டு பில் ஏறியது. அடுத்த மாதம் இன்னும் ஏறியது. குளிர்காலம் வேறு, ஆளுக்கு இரண்டு வாளி. அப்போதுதான் ஒரு நாள் மாலை அக்கா துண்டை மடித்துக்கொண்டிருக்கும்போது, விட்டத்தின் வழியாகக் கொழுந்தனின் குரல் தெளிவாக இறங்கியது.

"கீழ பாரு! அண்ணி ஊர்த் துணியெல்லாம் துவைக்கிறாங்க, அவங்க பில்லு உன் பில்லுல பாதி. குடும்பம் நடத்தறதுன்னா அது. நீயும் இருக்கியே!"

கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. அச்சு அசல், மாமா சொன்ன அதே வாக்கியம். அண்ணனும் தம்பியும் ஒரே பள்ளிக்கூடம் போலிருக்கிறது. அக்கா எனக்கு ஃபோன் போட்டு, ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். "கேட்டுட்டேன்டி!" என்றாள்.

"சரி, இப்ப செத்துப் போறியா?" என்றேன்.

அதற்குப் பிறகு அந்தக் குரல் அடிக்கடி இறங்கியது. ஒவ்வொரு முறையும் அது ஓய்ந்ததும் மேலே குழாய் திறக்கும். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அக்காவுக்கு அதுவும் கொண்டாட்டம். "திட்டு வாங்கியும் புத்தி வரல பாரு. விலை கூடின நேரத்துல சுடுதண்ணியைத் தொறந்துவிட்டுட்டு நிக்கறா. கீசர் காஞ்சுக்கிட்டே இருக்கும். வரட்டும் பில்லு."

ஒரு நாள் குழாய் திறந்து வெகுநேரமாகியும் மூடவில்லை. சுடுதண்ணீர் அவளுடையது, ஆனால் தொட்டித் தண்ணீர் பொதுவாயிற்றே. அக்காவுக்குச் சண்டைக்கு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. சேலையைச் செருகிக்கொண்டு படியேறினாள். கொழுந்தன் வெளியே போயிருந்தார். பிள்ளைகள் டிவி முன்னால் இருந்தார்கள். மேல்வீட்டுக்காரி பாத்திரம் கழுவும் இடத்தில் முதுகைக் காட்டி நின்றாள். கழுவுவதற்கு ஒரு பாத்திரம்கூட இல்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"டேங்க் என்னத்துக்கு ஆகும்? சுடுதண்ணியை இப்படியா கொட்டுவாங்க?"

அவள் திரும்பினாள். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. அவசரமாகக் குழாயை மூடினாள்.

"சுடுதண்ணி இல்லக்கா. பச்சைத்தண்ணிதான். கரண்டு ஆகாது."

"அப்புறம் எதுக்கு?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு எல்லாம் கேக்கும்ல. நான் அழறது கேக்கக் கூடாதுன்னுதான் தொறந்து வெச்சேன்."

அக்கா வாயடைத்து நின்றாளாம். என் அக்கா, வாயடைத்து! அதை நான் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. இரண்டு மாதமாக அவள் ஆசை ஆசையாகக் கேட்டதெல்லாம் சுடுதண்ணீர் இல்லை, அந்தப் பெண்ணின் அழுகை.

"அந்த டைமரைத் திரும்ப மாட்டு" என்றாள் கடைசியில். "மத்தியானத்துக்கே வை. உன் பில்லைக் கொறைச்சது அதுதான். உன் வீட்டுக்காரருக்குத் தண்ணி பத்தலைன்னா காலையில குளிக்கச் சொல்லு, அப்ப ரேட்டு இவ்வளவு இல்ல."

மேல்வீட்டுக்காரி அவளையே பார்த்தாள். முட்டாள் இல்லை அந்தப் பெண்.

"கழட்டினேன்னு அன்னிக்குச் சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமாக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். எவ்வளவோ சொல்லியிருக்கிறாள்.

"தெரியும்" என்றாள் அக்கா.

அந்தப் பெண் திரும்பிக்கொண்டாள். போய் மறுபடி குழாயைத் திறந்தாள். அக்கா படியிறங்கி வந்துவிட்டாள்.

மறுநாள் மதியம் மேல்வீடு பூட்டியிருந்தது. அக்கா காதைத் தீட்டிப் பார்த்தாள். டைமரை மாட்டினாளா, இல்லையா? கீசர் வாயைத் திறந்து சொல்லவா போகிறது? ஒன்றும் கேட்கவில்லை. துண்டை அப்படியே போட்டுவிட்டுப் படிக்கட்டுக்கு அடியில் போய் நின்றாள். ஒரு நாள் நின்றாள், இரண்டாம் நாளும் நின்றாள், சிமிட்டல் சோம்பேறியாகவே இருந்தது. நாலைந்து நாள் போன பிறகு, ஆளில்லாத அந்த வீட்டின் மீட்டரில் சிவப்பு வெளிச்சம் படபடவென்று பறந்தது. உடனே எனக்கு ஃபோன்.

"மாட்டிட்டாடி!"

"நிம்மதியா?"

"நிம்மதிதான்." பிறகு, "ஆனா பாரு, என்னுது அவளோடதைவிட வேகமா சிமிட்டுதுடி" என்றாள்.

இவளைத் திருத்த முடியாது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இன்றும் மாதா மாதம் இரண்டு பில்லையும் வாங்கி ஒப்பிடாமல் இருக்க மாட்டாள். மேலே இறங்கினால் இங்கே வயிறு எரியும். போன வாரம் அதைப் பற்றித்தான் புலம்பிக்கொண்டிருந்தாள். மேல்வீட்டுக்காரி ஃபிரிட்ஜ் மாற்றப்போகிறாளாம், கரண்ட் குறைவாகத் தின்னும் ஃபிரிட்ஜாம், எல்லாம் தன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று ஒரே பொருமல். நடுவில் பேச்சை நிறுத்தினாள்.

"என்ன?" என்றேன்.

"இருடி. மேல குழாய் தொறந்திருக்கு."

ஃபோனைக்கூட அணைக்கவில்லை. படியில் அவள் செருப்புச் சத்தம் ஏறிப் போவது எனக்கே கேட்டது.